கன்னி லக்னம், ஏழில் சனி, கடகத்தில் குரு: கல்யாணம் எப்போது?

"ஏனுங்கண்ணா, என்ற தம்பிக்கு முப்பது வயசு ஆகுது. 1996ல பொறந்தவன். கன்னி லக்னம், கும்ப ராசி, சதயம் 3ஆம் பாதம். லக்னத்துல ராகு, ஏழுல சனியும் கேதுவும், குரு தனுசுல. சனி தசை 2020 ஜூலையில ஆரம்பம்னு ஜாதகத்துல போட்டிருக்கு. காங்கேயத்துல பார்த்தவரு, ஏழரை நடக்குது, குருவும் ஆறுக்குப் போறாரு, 2027 வரைக்கும் பேச்சே எடுக்காதீங்கன்னுட்டாரு. பெருந்துறையில பார்த்தவரு, குருவும் சனியும் சேர்ந்து ஏழாம் எடத்தைப் புடிக்கறாங்க, வர்ற ஆவணிக்குள்ள முடிஞ்சுரும்ங்கறாரு. 2022ல ஒரு எடம் நிச்சயம் வரைக்கும் வந்து நின்னு போச்சு. இணைச்சீர் செய்யறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். யாரு சொல்றதைக் கேக்கறதுங்க?"

இரண்டு பேரும் வானத்தில் இருக்கிற அதே கிரகங்களைத்தான் பார்க்கிறார்கள் அம்மணி. எண்ண ஆரம்பிக்கிற இடம்தான் வேறு. காங்கேயத்துக்காரர் ராசியிலிருந்து எண்ணுகிறார். கும்பத்துக்கு இரண்டாம் வீடான மீனத்தில் சனி இருப்பதால் ஏழரையின் கடைசிப் பகுதி, பாதச் சனி. ஜூன் மாதம் குரு கடகத்துக்குப் போனால் அது ராசிக்கு ஆறாம் இடம். குரு பலன் என்றும் வியாழ நோக்கம் என்றும் நம் ஊரில் சொல்வது, ராசிக்கு 2, 5, 7, 9, 11 ஆகிய இடங்களில் குரு வருவதைத்தான். ஆறில் அது கிடையாது. அவர் கணக்குப்படி அவர் சொன்னது சரி.

பெருந்துறைக்காரர் லக்னத்திலிருந்து எண்ணுகிறார். கன்னிக்கு ஏழாம் வீடு, அதாவது கல்யாணத்துக்குரிய வீடு, மீனம். அங்கே சனி உட்கார்ந்திருக்கிறார். கடகத்துக்கு வரும் குரு, தன் ஒன்பதாம் பார்வையால் அதே மீனத்தைப் பார்ப்பார். இப்படி இரண்டு மந்த கிரகங்களும் ஒரே நேரத்தில் ஒரு வீட்டைத் தொட்டால் அந்த வீட்டின் பலன் நடக்கும் என்பது விதி. டெல்லியில் பாரதிய வித்யா பவனில் ஜோதிடம் கற்பித்த கே.என்.ராவ் இந்த முறையை 'டபுள் டிரான்சிட்', அதாவது இரட்டைக் கோசாரம், என்ற பெயரில் பரவலாக்கினார். அதன் பிறகு நம் பக்கத்து ஜோதிடர்களும் நிறையப் பேர் இதை எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாண வருஷம் எது என்று கேட்டால் நான் இரண்டாவது முறையைத்தான் எடுப்பேன். குரு பலன் மட்டும் வைத்துச் சொன்னால், எந்த ராசிக்காரருக்கும் பன்னிரண்டு வருஷத்தில் சுமார் ஐந்து வருஷம் 'நேரம் வந்தாச்சு' என்று ஆகிவிடும். உங்கள் தம்பிக்கே பாருங்கள், 2025 மே மாதம் முதல் குரு பெரும்பாலும் மிதுனத்தில்தான் இருக்கிறார். அது கும்பத்துக்கு ஐந்தாம் இடம், முழு குரு பலன். இன்னும் கல்யாணம் ஆகவில்லையே. ஆனால் பெருந்துறைக்காரர் நடுவில் இரண்டு படியைத் தாண்டிவிட்டு முடிவுக்கு வந்திருக்கிறார். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் 'சேர்ந்து' என்ற சொல்லில் ஒரு குழப்பம் வரும். குருவும் சனியும் ஒரே ராசியில் சேர்ந்து நிற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அவர்கள் நெருங்கி நிற்பது சுமார் இருபது வருஷத்துக்கு ஒரு முறைதான். கடைசியாக 2020 டிசம்பர் 21 அன்று மகரத்தில் நடந்தது. மகரம் ஏழாம் வீடாக வருவது கடக லக்னத்துக்கு மட்டும். அடுத்த சேர்க்கை 2040 கடைசியில், கன்னியில்; அது மீன லக்னக்காரருக்கு ஏழாம் இடம். இதை மட்டும் கணக்கில் எடுத்தால் மற்ற லக்னக்காரர்கள் கல்யாணமே செய்ய முடியாது. எனவே இருப்பும் பார்வையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் அங்கே இருந்து, மற்றவர் எங்கிருந்தோ பார்த்தாலும் போதும். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையிலிருந்து பார்த்தாலும் போதும்.

குருவுக்கு 5, 7, 9ஆம் பார்வைகள். சனிக்கு 3, 7, 10. இதை வைத்து மீனத்திலிருந்து திருப்பி எண்ணினால் வேலை சுலபம். சனி மீனத்தைத் தொட வேண்டுமானால் அவர் மீனத்திலேயே இருக்க வேண்டும், அல்லது மகரத்திலோ (மூன்றாம் பார்வை), கன்னியிலோ (ஏழாம் பார்வை), மிதுனத்திலோ (பத்தாம் பார்வை) இருக்க வேண்டும். குரு தொட வேண்டுமானால் மீனம், விருச்சிகம், கன்னி, கடகம் என்ற நான்கில் ஒன்றில் இருக்க வேண்டும். இந்த எட்டு இடத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டினால் உங்களுக்கே கணக்கு வந்துவிடும். ஜோதிடர் தேவையில்லை.

ஏன் இந்த இருவரை மட்டும் பார்க்கிறார்கள்? சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை வருஷம், குரு சுமார் ஒரு வருஷம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் காலம் சில மாதங்களாகச் சுருங்கும். சூரியன், சுக்கிரன் எல்லாம் வருஷத்துக்கு வருஷம் எல்லா வீட்டுக்கும் வந்து போகிறவர்கள், அவர்களை வைத்து வருஷத்தைச் சொல்ல முடியாது. ஜோதிடர்கள் இதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள்: சனி கர்மகாரகன், அவர் கையெழுத்துப் போட்டால்தான் காரியம் நகரும், குரு சுபகாரகன், அவர் பார்த்தால்தான் அது மங்களமாக முடியும். 'ஏழில் சனி வந்தால் கல்யாணம் தள்ளும்' என்று பயப்படுகிறவர்கள் இந்த இடத்தில் குழம்புகிறார்கள். கண்டகச் சனி என்று பயப்படுவது ராசிக்கு ஏழில் வரும் சனியை. உங்கள் தம்பிக்கு அது லக்னத்துக்கு ஏழு. இந்த முறையில் அது தடை கிடையாது, இரண்டு கையெழுத்தில் ஒன்று.

இனி வரிசைக்கு வருவோம். ஜாதகத்தில் கல்யாணம் உண்டா, தசா புக்தி அதைத் தருமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகுதான் கோசாரத்துக்கு, அதாவது கிரகங்கள் இப்போது நகரும் இடங்களுக்கு, போக வேண்டும். கன்னி லக்னக்காரர் எல்லோருக்கும் இதே ஜூன் மாதம் குரு ஏழாம் வீட்டைப் பார்க்கத்தான் போகிறார். உத்தேசமாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு ஜனம். அத்தனை பேருக்கும் கல்யாணம் என்றால் திருப்பூரிலிருந்து கோபி வரைக்கும் மண்டபம் பத்தாது. அத்தனை பேரிலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டுவது அவரவர் ஜாதகமும் தசையும்தான்.

ஜாதகத்தைப் பார்த்தால், ஏழாம் அதிபதி குரு, தனுசில் ஆட்சி. லக்னத்துக்கு நான்காம் கேந்திரம். கன்னிக்கு குரு கேந்திராதிபதி, அதில் ஒரு தோஷம் உண்டு என்பார்கள். இருந்தாலும் ஏழுக்குரியவர் சொந்த வீட்டில் இருப்பது பெரிய பலம். ஏழில் சனியும் கேதுவும் இருப்பது தாமதத்தைத்தான் காட்டும், மறுப்பை இல்லை. முப்பது வயது என்பது நம் பக்கம் ஆண்பிள்ளைக்கு இன்றைக்குத் தாமதம் என்று சொல்லவும் முடியாது. கூட்டம் பார்த்து, தோட்டம் பார்த்து, வேலை பார்த்து, பெண் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிற காலம். அதில் எவ்வளவு கேதுவின் வேலை, எவ்வளவு ஊர் நிலவரம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

தசையைப் பார்ப்போம். சனி தசை. சனி ஏழில் இருப்பதால் தசைக்குரிய கிரகமே கல்யாண வீட்டோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவர், அந்தக் கதவு திறந்திருக்கிறது. 2020 ஜூலையில் ஆரம்பம் என்றால் சுயபுக்தி மூன்று வருஷம், 2023 ஜூலை வரை. அடுத்தது புதன் புக்தி, இரண்டு வருஷம் எட்டு மாதம், அது இந்த 2026 மார்ச்சில் முடிந்தது. இப்போது கேது புக்தி, ஒரு வருஷம் ஒரு மாதம் போக ஒரு வாரம் பத்து நாள், 2027 ஏப்ரல் கடைசி வரை. அதன் பிறகு மூன்று வருஷம் இரண்டு மாதம் சுக்கிர புக்தி. கேது ஏழில் இருக்கிறார், மீன வீட்டு அதிபதியான குருவின் பலனைத் தருவார் என்று எடுத்தால் கல்யாணத்துக்கு ஆகாதவர் இல்லை. ஆனால் கேது கொடுக்கும்போதும் ஒரு விலகலோடு கொடுப்பார் என்ற கருத்து பழைய ஆட்களிடம் உண்டு. சுக்கிரன் கல்யாணத்துக்குக் காரகன், கன்னி லக்னத்துக்குக் குடும்ப ஸ்தானமான இரண்டுக்கும் பாக்கிய ஸ்தானமான ஒன்பதுக்கும் அதிபதி. இரண்டில் எது வலுவென்று கேட்டால் சுக்கிர புக்தி.

இப்போது கோசாரம். திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29ஆம் தேதி மீனத்துக்கு வந்தார், 2027 ஜூன் 3 வரை அங்கே இருப்பார். குரு 2026 ஜூன் 2ஆம் தேதி கடகத்துக்கு வருகிறார், அக்டோபர் 31 அன்று சிம்மத்துக்குப் போகிறார். வக்கிரமாகி 2027 ஜனவரி 25 அன்று மறுபடி கடகத்துக்குத் திரும்பி ஜூன் 26 வரை இருக்கிறார். ஆக இரண்டு பேரும் ஒன்றாக மீனத்தைத் தொடுவது 2026 ஜூன் முதல் அக்டோபர் வரை ஒரு முறை, 2027 ஜனவரி கடைசி முதல் ஜூன் 3 வரை இன்னொரு முறை. மேஷத்துக்குப் போகும் சனியும் வக்கிரமாகி 2027 அக்டோபர் 20 முதல் 2028 பிப்ரவரி 23 வரை மீனத்துக்குத் திரும்புகிறார். அந்தச் சமயம் நவம்பர் 26 அன்று குரு கன்னிக்கு வந்து ஏழாம் பார்வையாக மீனத்தைப் பார்க்கிறார். அது மூன்றாவது வாய்ப்பு.

முதல் வாய்ப்பை மாதக் கணக்கில் பிரித்தால் அந்த ஐந்து மாதமும் முழுதாகக் கைக்கு வராது. வைகாசி கடைசி இரண்டு வாரமும் ஆனியும் உண்டு. ஆடி போய்விடும். குருவும் அந்த மாதத்தை ஒட்டியே சூரியனோடு சேர்ந்து அஸ்தமனமாகிறார், எப்படியும் ஆகாத மாதம் என்பதால் நஷ்டமில்லை. ஆவணி முழுதும் கிடைக்கும். புரட்டாசியில் நம் பக்கம் வைக்க மாட்டார்கள். ஐப்பசி முதல் பாதி கோசாரத்துக்குள் வருகிறது, ஆனால் அக்டோபர் 24ஐ ஒட்டி சுக்கிரன் அஸ்தமனம், சுக்கிர மூடம் பார்க்கிற வீடாக இருந்தால் அதுவும் கழிந்தது. மிஞ்சுவது ஆனியும் ஆவணியும்தான். பெருந்துறைக்காரர் 'ஆவணிக்குள்ள' என்று சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். இப்போது பங்குனி. இன்னும் பெண் ஜாதகமே கைக்கு வராத நிலையில், ஆவணிக்குள் பெண் பார்த்து, கை நனைத்து, நிச்சயம் செய்து, மண்டபம் பிடித்து முடிப்பது நடக்காத காரியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேது புக்தியில் அதை எதிர்பார்த்து உட்காரச் சொல்லவும் மாட்டேன்.

இரண்டாவது வாய்ப்பில் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது. தை பத்து தேதிக்கு மேல் ஆரம்பித்து மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி இருபது வரை. இதில் சித்திரை பாதிக்கு மேல் சுக்கிர புக்தியும் வந்துவிடுகிறது. குரு கடகத்தில் உச்சம், ஏழாம் அதிபதி உச்சமாகித் தன் வீட்டையே பார்க்கிறார், அந்த வீட்டில் தசாநாதன் சனி, உங்கள் தம்பி பிறந்தபோது இருந்த இடத்துக்கே திரும்பி நிற்கிறார். குருவுக்கோ சுக்கிரனுக்கோ அந்தச் சமயம் அஸ்தமனமும் இல்லை. என்னைக் கேட்டால், இந்த ஆனி ஆவணியில் பேச்சு முடியலாம், தாலி கட்டுவது 2027 சித்திரை, வைகாசி. அது தவறினால் 2027 கார்த்திகை கடைசி நாட்களும் 2028 தை மாதமும் இருக்கின்றன, சுக்கிர புக்தி நடந்துகொண்டுதான் இருக்கும்.

காங்கேயத்துக்காரரும் 2027 என்றுதான் சொன்னார். பார்த்தீர்களா, முடிவு கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது. ஆனால் 'பேச்சே எடுக்காதீங்க' என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. 2027 வைகாசியில் கல்யாணம் ஆக வேண்டுமானால் 2026 ஆனியில் ஜாதகம் கையில் ஏறியிருக்க வேண்டும்.

இனி நீங்கள் சொன்ன 2022க்கு வருகிறேன். எந்த ஜாதகத்துக்கும் வரப்போகிற தேதியைச் சொல்வதற்கு முன்னால் போன தேதிகளில் இந்த விதியை வைத்துப் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 13 முதல் ஒரு வருஷம் குரு மீனத்தில் இருந்தார். சனி ஜூலை 12 முதல் 2023 ஜனவரி 17 வரை மகரத்தில் இருந்து மூன்றாம் பார்வையால் மீனத்தைப் பார்த்தார். அதாவது ஆடி முதல் மார்கழி வரை இரட்டைக் கோசாரம். தசையும் சனியில் சனி புக்தி. நிச்சயம் வரை வந்தது அந்த ஆறு மாதத்துக்குள் என்றால், விதி கதவைத் தட்டியிருக்கிறது. எந்த மாதம் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சித்திரை பாதியிலிருந்து ஆனிக்குள் என்றால் பொருந்தாது, ஏனென்றால் அப்போது சனி கும்பத்தில் இருந்தார்.

பொருந்தினாலும் ஒரு கேள்வி நிற்கும். தசையும் கூடி, கோசாரமும் கூடி, அப்படியும் கல்யாணம் ஆகவில்லையே? இதற்கு ஜோதிடர்கள் பத்துப் பதில் வைத்திருப்பார்கள். ஏழில் கேது, நவாம்சத்தில் குறை, அஷ்டவர்க்கத்தில் பரல் குறைவு என்று. நடந்த பிறகு காரணம் கண்டுபிடிப்பது சுலபம். நான் நேராகச் சொல்லிவிடுகிறேன்: இந்த விதி கல்யாணத்தைப் பற்றிய அசைவு வரும் காலத்தைக் காட்டுவதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், தாலி ஏறும் நாளை இல்லை.

இதில் பெரிய ஆபத்து வேறு ஒன்று. விதியை எவ்வளவு தளர்த்துகிறோம் என்பது. ஏழாம் வீடு ஒன்றை மட்டும் எடுத்தால், சனி எந்த நேரத்திலும் பன்னிரண்டில் நான்கு ராசிகளைத் தொடுகிறார், குருவும் நான்கு. இரண்டு பேரும் ஒரே ராசியைத் தொடும் வாய்ப்பு மூன்றில் ஒன்றைப் பெருக்கு மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று. நூறு மாதத்தில் பதினொரு மாதம். இது பயனுள்ள சல்லடை. ஆனால் நடைமுறையில் 'ஏழாம் வீடு அல்லது ஏழாம் அதிபதி' என்று சேர்த்துக்கொள்கிறார்கள், சனி ஒன்றைத் தொட்டு குரு மற்றதைத் தொட்டாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அப்போது நூறில் முப்பது மாதத்துக்கு மேல் ஆகிவிடும். லக்னத்திலிருந்தும் ராசியிலிருந்தும் பார்க்கலாம் என்று இன்னும் இரண்டு இடத்தைச் சேர்த்தால் நூறில் அறுபதுக்கு மேல். இது தோராயக் கணக்குத்தான், கிரகங்கள் தாயம் உருட்டி நகர்வதில்லை. ஆனாலும் விஷயம் புரிகிறதல்லவா? மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் 'யோகம் இருக்கு' என்று வரும் விதியை வைத்து எந்தக் கல்யாணத்தையும் பின்னால் பொருத்திக் காட்டலாம்.

உங்கள் தம்பி ஜாதகத்திலேயே இதைப் பார்க்கலாம். ராசிக்கு ஏழு சிம்மம். 2023 ஏப்ரல் முதல் ஒரு வருஷம் குரு மேஷத்தில் இருந்து ஐந்தாம் பார்வையாலும், சனி கும்பத்தில் இருந்து ஏழாம் பார்வையாலும் சிம்மத்தைத் தொட்டார்கள். ராசியைச் சேர்த்தால் அது ஒரு இரட்டைக் கோசாரம். 2025 மே மாதத்துக்குப் பிறகு மிதுன குருவின் ஏழாம் பார்வையும் மீனச் சனியின் பத்தாம் பார்வையும் தனுசில் விழுந்தன, அங்கே இருப்பது ஏழாம் அதிபதி குரு. அதிபதியைச் சேர்த்தால் அதுவும் ஒன்று. இரண்டிலும் ஏதாவது பேச்சு நடந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவும் நடக்கவில்லை என்றால், லக்னத்துக்கு ஏழாம் வீடு என்ற இறுக்கமான விதியில் மட்டும் நில்லுங்கள். அதனால்தான் மேலே நான் மீனத்தைத் தவிர வேறு எதையும் எடுக்கவில்லை.

பஞ்சாங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பெரும்பாலும் வாக்கியப் பஞ்சாங்கம்தான் தொங்குகிறது. வாக்கியப்படி சனி மீனத்துக்கு வந்தது 2026 மார்ச் 6. திருநள்ளாற்றிலும் வாக்கியத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். திருக்கணிதத்துக்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். குரு பெயர்ச்சியில் இவ்வளவு இடைவெளி வருவதில்லை. ஒரு ஜோதிடர் 2025ஐக் காட்டி மற்றவர் இல்லை என்றால் சண்டை பெரும்பாலும் இங்கேதான். கிரகம் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம், எனவே நான் அதை எடுக்கிறேன். உங்களுக்கு ஒரு வசதி, 2026 ஜூனில் இரண்டு பஞ்சாங்கத்திலும் சனி மீனத்தில்தான்.

இதைவிட எனக்குக் கவலை பிறந்த நேரம். 1996ல் ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் கொடுத்த நேரத்தை எழுதினார்களா, பிறந்த நேரத்தையா என்று அம்மாவிடம் கேளுங்கள். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். கன்னியின் நடுவில் பிறந்திருந்தால் பிரச்சினை இல்லை. சிம்மக் கடைசியிலோ துலாம் தொடக்கத்திலோ என்றால் ஏழாம் வீடே மாறி, இதுவரை எழுதியது எல்லாம் வீண். லக்னம் மாறாவிட்டாலும் தசை நகரும். சதயத்தில் பிறந்தவருக்குப் பத்து நிமிஷம் தப்பினால் தசை ஆரம்பம் சுமார் ஒன்றரை மாதம் தள்ளிப்போகும். 2027 ஏப்ரல் கடைசியில் சுக்கிர புக்தி என்று சொன்னேனே, கால் மணி நேரம் தப்பினால் அது ஜூலைக்குப் போகலாம், பிப்ரவரிக்கும் வரலாம். பிப்ரவரிக்கு வந்தால் மாசியே நல்லது. ஜூலைக்குப் போனால் வைகாசி முகூர்த்தத்துக்கு சுக்கிரன் துணை இருக்காது, தை 2028 முன்னால் வந்துவிடும்.

கொடுமுடிக்குப் போகச் சொல்லியிருப்பார்கள். லக்னத்தில் ராகு, ஏழில் கேது என்றால் சொல்லாத ஜோதிடர் கிடையாது. காவிரியில் குளித்து, வன்னி மரத்தடியில் தீர்த்தம் ஊற்றி வந்தால் மனசுக்கு நல்லது, போய் வாருங்கள். ஆனால் அதனால் குரு ஒரு நாள் முன்னாலும் கடகத்துக்கு வர மாட்டார். ஆயிரக்கணக்கில் பணம் கேட்டு வேறு பரிகாரம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'நேரம் வந்துவிட்டது' என்று கேட்ட வீடு, தரகரை வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிடும், படிப்பில் சம்பளத்தில் கொஞ்சம் இறங்கிவரும், வந்த இடத்தைச் சட்டென்று பேசி முடிக்கும். 'நேரம் இல்லை' என்று கேட்ட வீடு வந்த ஜாதகத்தையும் மூடி வைக்கும். நம் பக்கம் பெண் வீட்டாரும் இதே கணக்கைத்தான் பார்க்கிறார்கள். ஜோதிடம் பலித்ததாக நாம் எண்ணும் கல்யாணங்களில் ஒரு பங்கு இப்படி நாமே பலிக்க வைத்தவை. கிரகம் எந்த வழியில் கல்யாணத்தை நடத்துகிறது என்று விஞ்ஞானமாக நிரூபிக்க யாராலும் முடிந்ததில்லை. இது தலைமுறையாகப் பழகிவந்த ஒரு கணக்கு முறை, அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அம்மணி, முதலில் பிறந்த நேரத்தை அம்மாவிடம் உறுதி செய்துகொண்டு லக்ன பாகையை எனக்கு எழுதுங்கள். கன்னி ஐந்து பாகைக்கு மேல், இருபத்தைந்துக்குள் இருந்தால் பயமில்லை. சித்திரை பிறந்ததும் ஜாதகத்தை வெளியே கொடுங்கள், ஆடிக்கு முன்னால் வருகிற ஜாதகங்களைத் தட்டாமல் பாருங்கள். ஏதாவது பொருந்தினால் பெண்ணின் லக்னத்துக்கு ஏழாம் வீட்டையும் இதே மாதிரி எட்டு இடம் எழுதிப் பாருங்கள், தேதி வைப்பதற்கு முன்னால் அவள் தசையும் இடம் கொடுக்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதானால் 2027 வைகாசி 20க்கு முந்தைய முகூர்த்தமாகப் பார்த்துக் கட்டுங்கள்.